நியூரம்பெர்க்குக்குக் கூரியரில் போன சம்மன்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் உள்ள ஒரு நிறுவனம் எங்களுக்கு ரூ.46 லட்சம் தர வேண்டும். சரக்கு ஈரமாக, பூசணம் பிடித்து வந்தது என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். இங்கே வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். சம்மன் கூரியரிலும் மின்னஞ்சலிலும் போனது. அங்கே கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீதும் இருக்கிறது. அவர்கள் ஆஜராகாததால் நீதிமன்றம் எக்ஸ்பார்ட்டே ஆக்கியிருக்கிறது. இனித் தீர்ப்புதான் பாக்கி. இந்த நேரத்தில் அவர்களுடைய ஜெர்மன் வழக்கறிஞர், ‘ஹேக் உடன்படிக்கைப்படி சம்மன் சார்வு ஆகவில்லை’ என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். கையில் வாங்கியது எப்படிச் சார்வு ஆகாமல் போகும்? ஹாம்பர்க் கிடங்கில் சரக்கை இறக்கிய ஜெர்மானியரின் சாட்சியமும் எங்களுக்குத் தேவைப்படும். அதை எப்படிப் பெறுவது?
— வாசகர், திருப்பூர்

பதில்: அந்த வழக்கறிஞர் சொல்வது சரிதான். ஆனால் நல்ல வேளையாக, கடிதம் தீர்ப்புக்கு முன்னால் வந்திருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு வந்திருந்தால் உங்கள் நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கும்.

நீதிமன்றப் பத்திரங்களை வெளிநாட்டில் சார்வு செய்வதற்கான, அதாவது எதிராளியிடம் முறைப்படி ஒப்படைப்பதற்கான ஹேக் உடன்படிக்கை 1965இல் உருவானது. ஜெர்மனி அதில் நெடுங்காலமாக இருக்கிறது. இந்தியாவுக்கு அது 2007 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 10ஆம் பிரிவு, எதிர்வாதிக்கு நேரடியாகத் தபாலில் அனுப்பலாம் என்கிறது. கூடவே, ‘சென்று சேரும் நாடு எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால்’ என்று ஒரு நிபந்தனையும் வைக்கிறது. ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் அப்படியே. உங்கள் வாடிக்கையாளர் லண்டனிலோ டொராண்டோவிலோ பாரிஸிலோ இருந்திருந்தால் இந்தப் பிரச்சினை எழுந்திருக்காது. பிரிட்டனும் கனடாவும் பிரான்ஸும் தபாலை எதிர்க்கவில்லை. ஜெர்மானியர்கள் வீண் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் இந்தியாவும் இதே எதிர்ப்பைப் பதிவு செய்திருக்கிறது. அங்கிருந்து நமக்குக் கூரியரில் சம்மன் வந்தால் நாமும் இதையேதான் சொல்வோம்.

எதிர்ப்புக்குக் காரணம் எளியது. சம்மன் சார்வு என்பது எதிராளிக்குச் செய்தி எட்டச் செய்யும் வேலை என்று நாம் பார்க்கிறோம். அதனால்தான் ‘தெரிந்ததா, இல்லையா’ என்று கேட்கிறோம். ஜெர்மன் சட்டத்தின் பார்வையில் அது அரசு அதிகாரத்தைச் செலுத்தும் செயல். அந்நிய நீதிமன்றம் ஒன்று தங்கள் மண்ணில் அதைத் தானாகச் செய்துகொள்வதை அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே நீதிமன்றக் கடிதம் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அந்த உறையின் மேலேயே ஒப்படைத்த தேதியை எழுதுவார். ஒப்படைத்ததற்கான சான்று தனியாக நீதிமன்றத்துக்குத் திரும்பும். நியூரம்பெர்க் அலுவலகத்தில் வரவேற்பு மேசைப் பணியாளர் மஞ்சள் உறையைக் கண்டால் உடனே முதலாளியிடம் கொண்டுபோவார். கூரியர் பொட்டலத்துக்கு அவர் போட்ட கையெழுத்து, சாம்பிள் துணி வந்தாலும் போடுகிற அதே கையெழுத்துதான்.

இனி உங்கள் வழக்கறிஞர் ஒரு பதில் சொல்லக்கூடும், அதையும் பார்த்துவிடுவோம். நமது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5, விதி 25 வெளிநாட்டில் இருக்கும் எதிர்வாதிக்குத் தபாலில் சம்மன் அனுப்ப இடம் தருகிறது. கட்டளை 9, விதி 13 எக்ஸ்பார்ட்டே தீர்ப்பை ரத்து செய்வது பற்றியது. அதில் ஒரு காப்பு வாசகம் உண்டு: எதிர்வாதிக்கு வாய்தா தேதி தெரிந்திருந்து, ஆஜராகப் போதிய அவகாசமும் இருந்திருந்தால், சம்மன் சார்வில் இருந்த ஒழுங்குக் குறைவு ஒன்றை மட்டும் காரணம் காட்டித் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது. ஆகவே திருப்பூரில் உங்கள் தீர்ப்பு நிலைத்துவிடக்கூடும். அவர் சொல்வது தவறில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு யாரிடம் வசூலிப்பீர்கள்? அவர்களுக்கு இந்தியாவில் சொத்தோ வங்கிக் கணக்கோ இல்லையென்றால், தீர்ப்பை நியூரம்பெர்க்குக்குக் கொண்டுபோய் அங்குள்ள நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் நிறைவேற்ற முடியும். அங்கே ஜெர்மன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 328ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். வழக்கில் ஆஜராகாத எதிர்வாதி, தனக்கு முறைப்படியும் உரிய காலத்திலும் சம்மன் சார்வு ஆகவில்லை என்று சொன்னால் அந்நியத் தீர்ப்பை ஏற்கக் கூடாது என்கிறது அது. ‘உனக்குத் தெரியும்தானே’ என்ற வாதம் அங்கே எடுபடாது. முறையும் சரியாக இருக்க வேண்டும். சம்மன் சரியா என்பதைப் பணம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் அளவுகோலால்தான் அளந்து பார்க்க வேண்டும். ஏற்றுமதியாளர்களின் வழக்குகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான்.

எனவே, வாதியாகிய நீங்களே மனுப் போட்டு, எக்ஸ்பார்ட்டே உத்தரவைத் திரும்பப் பெற்று, ஹேக் வழியில் புதிய சம்மன் அனுப்பக் கேளுங்கள். ஜெயித்த கட்டத்தை நாமே கலைப்பதா என்று தோன்றும். கலைத்துவிடுங்கள். நீதிபதி தயங்கினால் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவைக் காட்டச் சொல்லுங்கள். எதிர்வாதி வராதபோது, அந்த நாட்டுச் சட்டப்படியோ உடன்படிக்கை சொல்லும் வேறு முறையிலோ சார்வு ஆனதாகத் தெரியும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம்.

அடுத்தது படிவம். உடன்படிக்கையோடு வரும் மாதிரிப் படிவத்தில் வேண்டுகோள், சான்றிதழ், சார்வு செய்யப்படும் பத்திரங்களின் சுருக்கம் என்று பகுதிகள் இருக்கும். வேண்டுகோளை நீதிமன்றம் கையெழுத்திட்டு முத்திரையிட வேண்டும். உங்கள் வழக்கறிஞர் தன் பெயரில் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்திரங்கள் இரண்டு பிரதிகள் வேண்டும். தூதரக அத்தாட்சியோ அப்போஸ்டிலோ தேவையில்லை. அதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டு பெரும்பாலும் டெல்லியில் மத்திய சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறை வழியாகப் போகும். உங்கள் நீதிமன்ற அலுவலகம் எந்த வழியைக் கடைப்பிடிக்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் மத்திய அதிகாரி வேறு. நியூரம்பெர்க் இருப்பது பவேரியா மாநிலத்தில். அதற்கான மத்திய அதிகாரி மியூனிக் மேல் நீதிமன்றத்தின் தலைவர். பெர்லினுக்கு அனுப்பினால் கட்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

கட்டு திரும்பி வருவது வழக்கமாக மூன்று காரணங்களால். முதலாவது மொழி. முறைப்படியான சார்வு வேண்டுமானால், பத்திரங்களோடு ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருந்தாக வேண்டும். மொழிபெயர்ப்பு இல்லாமல் அனுப்பினால், எதிராளி தானாக விரும்பி வாங்கிக்கொண்டால்தான் உண்டு; வழக்கறிஞரை வைத்துக் கடிதம் எழுதுகிறவர் விரும்பி வாங்குவாரா? சம்மனோடு பிராதும் போக வேண்டும் என்பதால் பிராதின் ஒவ்வொரு பக்கமும் செலவுதான். நம் ஊர்ப் பிராதுகளில் ஒரே விஷயம் மூன்று இடத்தில் வரும். திருத்தப் பிராது தாக்கல் செய்ய வாய்ப்பிருந்தால் அதைச் சுருக்கிவிட்டு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது நல்லது. பேக்கிங் லிஸ்டை மொழிபெயர்ப்பது எளிது. ‘எதிர்வாதியானவர் மேற்படி தாவா தொகையை’ என்று தொடங்கும் நம் வாக்கியத்தைப் பிடிக்க அனுபவசாலி வேண்டும்.

இரண்டாவது பெயர். இன்வாய்ஸில் நீங்கள் எழுதிவந்தது அவர்களுடைய வியாபாரப் பெயராக இருக்கலாம். வழக்குக்கு வேண்டியது பதிவுப் பெயர், பதிவு முகவரி, நிர்வாக இயக்குநரின் பெயர். ஜெர்மன் வணிகப் பதிவேடு handelsregister.de தளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அங்கே அச்சிட்ட நகலை வைத்துக்கொண்டு வழக்கின் தலைப்பை ஒப்பிடுங்கள். ‘ஜிஎம்பிஹெச்’ என்ற நிறுவன வகை விடுபட்டிருந்தால்கூட முதலிலேயே திருத்தம் கேளுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது: வாய்தா தேதி. நம் நீதிமன்றம் வழக்கம்போல நான்கு வாரம் கழித்துத் தேதி போடும். கட்டு டெல்லியைத் தாண்டுவதற்குள் அந்தத் தேதி போய்விடும். தேதி கடந்த சம்மனை மியூனிக்கில் யார் சார்வு செய்வார்கள்? குறைந்தது ஆறு மாதம் தள்ளித் தேதி வேண்டும் என்று மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பு, டெல்லி, மியூனிக், அங்கிருந்து நியூரம்பெர்க் உள்ளூர் நீதிமன்றம், பிறகு சான்றிதழ் திரும்பும் பயணம் என்று சேர்த்தால் அந்தக் காலம் அதிகமில்லை.

சான்றிதழ் வந்ததும் அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தத் தேதியில் ஒப்படைத்தார்கள், யாரிடம், எந்த முறையில். அந்தத் தேதியிலிருந்துதான் எதிர்வாதுரைக்கான கெடு ஓடத் தொடங்கும். வணிக வழக்கில் அது முப்பது நாள். நீதிமன்றம் நீட்டித்தாலும் 120 நாளைத் தாண்ட முடியாது. கூரியர் ரசீதை வைத்து நீங்கள் எண்ணிய நாட்களெல்லாம் விவாதத்துக்கு உரியவை. சான்றிதழ் தேதியில் விவாதத்துக்கு இடமில்லை.

சான்றிதழ் வராமலே போனால்? 15ஆம் பிரிவின் இரண்டாம் பத்தியைப் பயன்படுத்திக்கொள்வதாக இந்தியா அறிவித்திருக்கிறது. அதன்படி, உடன்படிக்கை சொல்லும் ஏதாவது ஒரு முறையில் கட்டு அனுப்பப்பட்டு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீதிபதி போதுமென்று கருதும் காலம் கடந்து, எல்லா நியாயமான முயற்சியும் செய்தும் எந்தச் சான்றிதழும் வரவில்லை என்றால் தீர்ப்புச் சொல்லலாம். ஆறு மாதம் அனுப்பிய தேதியிலிருந்து எண்ணப்படும். ஆகவே அனுப்பியதற்கான சான்றின் நகலை விடாமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு முறையாவது எழுத்தில் நினைவூட்டுங்கள். ‘முகவரியில் ஆள் இல்லை’ என்ற சான்றிதழ் வந்தாலும் அது ஒரு சான்றிதழ்தான்; அதை வைத்துக்கொண்டு இந்த வழியில் போக முடியாது. கூரியரில் தொடங்கிய உங்கள் இப்போதைய நிலையிலும் முடியாது. ஏனென்றால், ஜெர்மனிக்குக் கூரியர் என்பது உடன்படிக்கை சொல்லும் முறையில் சேராது.

இவ்வளவையும் சுருக்க ஒரு வழி உண்டு. அந்த நிறுவனத்துக்காகத் திருப்பூரில் ஆர்டர் பிடித்து, தரம் பார்த்து, கப்பலேற்றும் முகவர் யாராவது இருக்கிறாரா? இருந்து, இந்த வியாபாரத்தையே அவர் அவர்களுக்காக இங்கே நடத்துகிறார் என்றால், கட்டளை 5, விதி 13இன்படி அவரிடம் சார்வு செய்யலாம். பத்திரம் நாட்டை விட்டு வெளியே போகாதபோது ஹேக் உடன்படிக்கைக்கு வேலையே இல்லை. ஆனால் கமிஷனுக்கு ஆர்டர் வாங்கித் தரும் இடைத்தரகர் இந்த இலக்கணத்தில் அடங்கமாட்டார். ஜெர்மன் நீதிபதி இதையும் கேள்வி கேட்கக்கூடும் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு வழியிலும் செய்வேன்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சம்மன் கச்சிதமாகப் போய்ச் சேர்ந்தாலும், 328ஆம் பிரிவு இன்னொன்றையும் கேட்கிறது: ஜெர்மன் தீர்ப்புகளை இந்தியா ஏற்பதுபோல இருதரப்புப் பரிமாற்றம் இருக்கிறதா என்று. ஆகவே மொழிபெயர்ப்புக்குப் பணம் கட்டும் முன், நியூரம்பெர்க்கில் ஒரு வழக்கறிஞரிடம் இது பற்றி எழுத்துபூர்வமான கருத்து வாங்குங்கள். அங்கேயே வழக்குப் போடுவதற்கு என்ன செலவு என்றும் அவரிடமே கேளுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் வாதி செலவுத் தொகைக்குப் பிணை கட்ட வேண்டும் என்று எதிர்வாதி கோர அங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூ.46 லட்சத்துக்கு எது லாபம் என்பது அந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். இனிவரும் ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு ஷரத்து ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். நடுவர் தீர்ப்புகளுக்கு 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை இருக்கிறது. இரு நாடுகளும் அதில் உண்டு.

இனி ஹாம்பர்க் சாட்சி. இதற்குத் தனி உடன்படிக்கை: 1970இன் ஹேக் சாட்சிய உடன்படிக்கை. இந்தியா இதிலும் 2007இல் சேர்ந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. பின்னால் சேரும் நாட்டை ஏற்றுக்கொள்வதாக அறிவித்த நாடுகளோடு மட்டுமே இது செயல்படும். ஆகவே hcch.net தளத்தில் உள்ள ஏற்பு அட்டவணையில் இந்தியா–ஜெர்மனி வரியைப் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலை மனுவோடு இணைப்பதுதான் முதல் வேலை. நம் சட்டத்தில் வழி, 77ஆம் பிரிவும் கட்டளை 26, விதி 5உம்: வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு நம் நீதிமன்றம் எழுதும் வேண்டுகோள் கடிதம்.

காணொலியில் கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சாட்சி இருக்கும் இடத்தில் ஒருங்கிணைப்பாளராக இந்தியத் தூதரக அதிகாரி இருப்பது நம் நீதிமன்றக் காணொலி விதிகளில் உள்ள ஏற்பாடு. ஆனால் ஜெர்மானியக் குடிமக்களிடம் அந்நியத் தூதரக அதிகாரிகள் சாட்சியம் பெறக் கூடாது என்று ஜெர்மனி அறிவித்திருக்கிறது. உங்கள் கிடங்குக்காரர் ஜெர்மானியர். அனுமதி வாங்காமல் இந்த வழியில் பெற்ற சாட்சியம், பிறகு ஜெர்மனியிலேயே தீர்ப்பை நிறைவேற்றப் போகும்போது எதிராளிக்குக் கிடைக்கும் இன்னொரு பிடி.

வேண்டுகோள் கடிதம் போனால், சாட்சி தன் ஊர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவார்; வராவிட்டால் கட்டாயப்படுத்தவும் அந்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. விசாரணை அவர்கள் முறைப்படி நடக்கும். அங்கே கேள்வி கேட்பவர் முதன்மையாக நீதிபதி. வழக்கறிஞர் பிறகுதான் கேட்பார். சாட்சி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எடுக்காமல், நீதிபதி சுருக்கித் தன் வாசகத்தில் பதிவு செய்வது வழக்கம். குறுக்கு விசாரணையில் ஒரு தயக்கம், ஒரு முன்பின் முரண் ஆகியவற்றை வைத்து வாதாடிப் பழகிய நம் வழக்கறிஞர்களுக்கு அந்தச் சுருக்கம் கையில் வந்ததும் ஏமாற்றமாக இருக்கும். உடன்படிக்கையின் 9ஆம் பிரிவில் தனி முறை கோரலாம். ‘சொல்லுக்குச் சொல் பதிவு வேண்டும், இரு தரப்பு வழக்கறிஞர்களும் நேரடியாகக் கேட்க அனுமதி வேண்டும்’ என்று கடிதத்திலேயே எழுதுங்கள். எங்கே, எப்போது விசாரணை என்று முன்கூட்டியே தெரிவிக்கும்படியும் கேளுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

எல்லாம் நீங்கள் எழுதி அனுப்பும் கேள்விகளில்தான் இருக்கிறது. ‘சரக்கு நல்ல நிலையில் வந்ததா?’ என்று எழுதினால் ‘நினைவில்லை’ என்ற ஒரு வரிதான் திரும்பி வரும். கன்டெய்னர் எண், பில் ஆஃப் லேடிங் எண் குறிப்பிட்டு, அது எந்தத் தேதியில் திறக்கப்பட்டது, முத்திரை எண் என்னவாக இருந்தது, உடையாமல் இருந்ததா, தரையோடு ஒட்டிய அட்டைப்பெட்டிகள் ஈரமாக இருந்தனவா, மேலடுக்கில் இருந்தவையும் ஈரமா, அப்போது படம் எடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கீழடுக்கு மட்டும் நனைந்திருந்தால் தண்ணீர் கன்டெய்னருக்குள் வெளியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு. எல்லா அடுக்கிலும் பூசணம் என்றால் துணி காயாமல் பேக் செய்யப்பட்டதோ என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். உங்கள் ஒப்பந்தம் தூத்துக்குடி எஃப்ஓபி என்றால், கப்பலில் ஏறிய பிறகு நனைந்தது உங்கள் பொறுப்பில்லை. அதனால் இந்த வேறுபாடுதான் வழக்கின் முடிச்சு.

ஆவணங்களைக் கேட்கும்போது ‘இந்தச் சரக்கு தொடர்பான எல்லாக் கோப்புகளும்’ என்று எழுதிவிடாதீர்கள். விசாரணைக்கு முந்தைய ஆவணத் தேடலைக் கட்டுப்படுத்த 23ஆம் பிரிவு நாடுகளுக்கு உரிமை தருகிறது. வலைவீசித் தேடும் கோரிக்கைகளை ஜெர்மனி விரும்புவதில்லை. சரக்கு உள்வரவுப் பதிவின் அந்த ஒரு தேதிப் பக்கம், அன்று எடுத்த படங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடிதத்துக்கும் கேள்விகளுக்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வேண்டும்.

இப்போதே இந்தச் செலவில் இறங்க வேண்டாம். பூசணம் பிடித்தது என்று சொல்வது அவர்கள். அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. அவர்கள் ஆஜராகி, எதிர்வாதுரையில் இதை எழுதி, ஆய்வறிக்கை ஏதாவது தாக்கல் செய்தால் அதை எழுதியவரைக் கூண்டில் ஏற்ற வேண்டியவர்களும் அவர்கள்தான். வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை நீதிமன்றம் எழுவினாக்களாக வரைந்த பிறகு ஹாம்பர்க் சாட்சி தேவையா என்று முடிவு செய்யுங்கள். அதுவரை ஒன்று மட்டும் செய்து வையுங்கள்: அன்றைய உள்வரவுப் பதிவையும் படங்களையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி கிடங்கு நிறுவனத்துக்கு உங்கள் பெயரில் ஒரு சாதாரண வணிகக் கடிதம். அதைக் கூரியரிலேயே அனுப்பலாம்.